பழைய பதிப்புகளில் பொறுமையைத் தேடுவது

"எங்கள் ஊர் நூலகத்தில் அடுத்த மாதம் 'பொறுமை' பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் சொல்லும் அதே இரண்டு மூன்று குறளையே நானும் சொல்ல விருப்பமில்லை. ஸ்கேன் செய்த பழைய பதிப்புகள் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் 'பொறுமை' என்று தேடினால் ஒன்றுமே கிடைப்பதில்லை. ஒரே கருத்தைப் பற்றிய பாடல்களைப் பழைய நூல்களில் எப்படித் தேடிப் பிடிப்பது?"

கிடைக்காததற்கு முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. திருக்குறளில் பொறுமைக்கென்றே இருக்கும் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளில் ஒன்றில்கூட 'பொறுமை' என்ற சொல் இல்லை. அதிகாரத்தின் பெயரே பொறையுடைமைதான். 'பொறு' என்ற வேரை வைத்துத் தேடினாலும் 151 முதல் 156 வரை ஆறு குறள்தான் அகப்படும். கடைசி நான்கில் அந்த வேரும் இல்லை. 157-லும் 158-லும் அதற்கு ஈடான தனிச்சொல்லே கிடையாது, "தகுதியான் வென்று விடல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். 159, 160 இரண்டிலும் 'நோற்றல்' என்ற வேறு வினை வருகிறது. அதிகாரத்துக்கு உள்ளேயே பத்தில் நாலு தப்பிவிடும் என்றால், அதற்கு வெளியே எவ்வளவு தப்பும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், எந்தப் பொறுமையைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இன்று நாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் பொறுமை என்கிறோம், மாமியார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் பொறுமை என்கிறோம், நோயோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவதையும் அப்படியே சொல்கிறோம். பழைய நூல்களில் இந்த மூன்றும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. 'பொறை' என்றால் பெரும்பாலும் பிறர் செய்த பிழையைத் தாங்கிக்கொள்வது மட்டும்தான். காத்திருப்பதைக் குறளில் தேடினால் 49ஆம் அதிகாரமான காலமறிதலுக்குப் போக வேண்டும், "கொக்கொக்க கூம்பும் பருவத்து" அங்கேதான் இருக்கிறது. துன்பத்தில் நிலைகுலையாமல் இருப்பது 63ஆம் அதிகாரம், இடுக்கண் அழியாமை. இதைப் பிரிக்காமல் தேட ஆரம்பித்தவர்கள் நாற்பது பாட்டு சேர்த்துவிட்டு, எதை எதோடு கோப்பது என்று தெரியாமல் விழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒன்று போதும். கீழே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு, அதாவது பிழை பொறுத்தலுக்கு.

அப்புறம் அச்சு. பழைய பதிப்புகளில் செய்யுளைச் சொல் பிரித்துப் போடமாட்டார்கள், சீர் பிரித்துத்தான் போடுவார்கள். புணர்ச்சியும் அப்படியே நிற்கும். "இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்று நாம் படிப்பது அங்கே "இகழ்வார்ப் பொறுத்த றலை" என்றிருக்கும். லகர மெய்யும் தகரமும் சேர்ந்து றகரமாகிவிட்டதால், 'பொறுத்தல்' என்று தட்டினால் கணினி உதட்டைப் பிதுக்கும். அடுத்த குறளும் "பொறுத்த லிறப்பினை யென்று மதனை" என்று நிற்கும், அங்கே ல் நகர்ந்து அடுத்த சீரின் தலையில் ஏறிக்கொண்டது. ஆகவே முழுச்சொல்லைத் தேடாதீர்கள், மாறாத முன்பாதியை மட்டும் தேடுங்கள்: பொறுத்த, பொறுக்க, பொறை, நோற்ப, நோற்கி, நோன்ற. 'ஆற்று' என்பதும் இந்தக் குடும்பம்தான், "பசி ஆற்றல்" என்ற இடத்தில் பொறுத்தல் என்றே பொருள். ஆனால் அதைத் தேடினால் ஆறு, ஆற்றுநீர் என்று ஊரெல்லாம் வந்து விழும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனிலிருந்து கணினி தானாக எழுத்தாக்கிய பிரதி என்றால் இன்னும் இரண்டு தொல்லை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான நூல்களில் றா, னா, ணா ஆகியவையும் லை, ளை, னை, ணை ஆகியவையும் பழைய வடிவத்தில் இருக்கும், அவற்றைக் கணினி கண்டபடி படிக்கும். 'பொறை'யின் றை மாறாத எழுத்து என்பதால் பிழைத்தது. 'பொறாது' அப்படியல்ல, அதன் றா பழைய சுழி எழுத்து. இரண்டாவது, எண்கள். பழைய நூலில் பாட்டு எண் தமிழ் எண்ணில் இருக்கும். ௧, ௨, ௭, ௮ ஆகிய எண்களை க, உ, எ, அ என்ற எழுத்துகளாகவே கணினி எடுத்துக்கொள்ளும். 152 என்பதைச் சிலர் ௧௫௨ என்றும் சிலர் ௱௫௰௨ என்றும் அச்சிட்டிருப்பார்கள். பட்டியலில் இருக்கும் எண்ணை நம்பிப் பக்கம் தேடுவதற்கு முன், அந்தப் பதிப்பு எந்த முறையில் எண்ணுகிறது என்று ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குறளிலேயே பரிமேலழகர் உரைப்பதிப்பும் மணக்குடவர் உரைப்பதிப்பும் அதிகாரத்துக்குள் குறள்களை வேறு வேறு வரிசையில் வைக்கின்றன. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பிறகு அவதிப்படுவீர்கள். முதல் இரண்டு சீரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நூலின் பின்னால் இருக்கும் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. செய்யுள் முதற்குறிப்பு அகராதி என்பது பாட்டின் முதல் சொல்லை வைத்து அடுக்கியது. பாட்டு ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் அது உதவும், கருத்தைத் தேடுகிறவனுக்கு ஒன்றுக்கும் ஆகாது. உங்களுக்கு வேண்டியது அரும்பத அகராதி. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் இது விரிவாகவே இருக்கும், சொல்லைப் பார்த்தால் இடத்தைக் காட்டும். அது இல்லாத நூலுக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) மறைமுகமான பட்டியலாகப் பயன்படுத்தலாம். நான் பல வருஷமாகச் செய்யும் வேலை இது. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே மேற்கோள் வரியும் நூல் பெயரின் சுருக்கமும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். பொறு, பொறை, பொறுத்தல், நோன்றல், நோன்மை என்று ஐந்தாறு தலைச்சொற்களைப் பார்த்து அங்கே வரும் நூல் குறிப்புகளை எழுதிக்கொண்டால், எந்த நூல்களைத் திறக்க வேண்டும் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். அங்கே இருப்பது ஓரிரு எடுத்துக்காட்டுதான், எல்லா இடமும் அல்ல. தேடலுக்குத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு, ஏன் அதிகம் பேர் சொல்வதில்லை என்று தெரியவில்லை. புறத்திரட்டு. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் (பெயர் கிடைக்கவில்லை) நீங்கள் இன்று செய்ய நினைப்பதையே செய்து வைத்திருக்கிறார். பல நூல்களிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களை எடுத்து, பெரும்பாலும் குறள் அதிகாரங்களை ஒட்டிய தலைப்புகளின் கீழ் அடுக்கினார். 1930-களின் கடைசியில் வையாபுரிப் பிள்ளை அதைப் பதிப்பித்தார், சென்னைப் பல்கலைக்கழக வெளியீடு. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை போல முழுதாகக் கிடைக்காமல் போன நூல்களின் பாட்டுகள்கூட அதில் இருக்கின்றன. அங்கே பொறை, சினம், இன்னா செய்யாமை ஆகியவற்றை ஒட்டிய பகுதிகளை வாசித்தால், மேடையில் யாரும் கேட்டிராத பாட்டு ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும். உரை இல்லாத பாட்டு என்றால், அருஞ்சொல்லை எல்லாம் நீங்களே பார்த்துத் தீர்க்க முடிந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உரை என்றதும் இன்னொன்று. 1812-ல் குறள் முதன்முதலாக அச்சானபோது அது மூலம் மட்டும்தான், நாலடியாரும் கூடவே இருந்தது. பார்க்க ஆசையாக இருக்கும், பேச்சுக்கு உதவாது. உரையோடு உள்ள பதிப்பாகப் பாருங்கள். ஏன் என்பதற்கு என் தலைக்குனிவையே சொல்கிறேன். "பொறுத்தல் இறப்பினை" என்று வரும் குறளை ஒரு பள்ளி ஆண்டுவிழாவில், சாவைக்கூடப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று உருக்கமாக விளக்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் ஓரமாக அழைத்து, "தம்பி, அங்கே இறப்பு என்றால் சாவு இல்லை, வரம்பு மீறிய குற்றம்" என்றார். இறத்தல் என்றால் கடத்தல், எல்லை கடந்து பிறன் செய்த தீங்கு. பொறுத்தல் நல்லது, அதை மறந்துவிடுவது அதைவிட நல்லது என்பதுதான் குறள். உரையில் ஒரு வரி படித்திருந்தால் மானம் தப்பியிருக்கும். இதே குழி அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. 153-ல் "மடவார்ப் பொறை" என்பதில் மடவார் பெண்கள் அல்ல, அறிவில்லாதவர்கள். 159-ல் "இறந்தார்வாய் இன்னாச்சொல்" என்பதில் இறந்தார் செத்தவர்கள் அல்ல, நெறி கடந்தவர்கள்.

'பொறை' என்ற சொல்லும் ஏமாற்றும். அதற்குச் சுமை என்றும் மலை என்றும் பொருள் உண்டு. சங்க நூல்களில் தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் பெருஞ்சேரல் இரும்பொறை முதலான சேர அரசர்கள், அவர்களுக்கும் உங்கள் தலைப்புக்கும் சம்பந்தமில்லை. குறளிலேயே "உண்மை நிலக்குப் பொறை" (572), "தோற்றம் நிலக்குப் பொறை" (1003) இரண்டிலும் பூமிக்குப் பாரம் என்று பொருள், பொறுமை இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் நிலம், மலை, மன்னன் இருந்தால் சந்தேகப்படுங்கள், இகழ்வார், ஒறுத்தார், போற்றார் என்று தவறு செய்பவர் யாராவது இருந்தால் அநேகமாக அது உங்களுக்கு வேண்டிய பாட்டு. ஆனால் 151-ல் நிலமும் இருக்கிறது, இகழ்வாரும் இருக்கிறார். தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கும் நிலம் என்னும்போது சுமையும் பொறுமையும் ஒரே வேர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இனி ஒரு தேடலை முழுதாகச் செய்து காட்டுகிறேன். 151-ஐ வைத்துக்கொண்டேன். இந்த நிலத்து உவமை வேறெங்கே என்று தேடினால் புறநானூற்றின் இரண்டாம் பாட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் உதியஞ்சேரலாதனைப் பாடியது. நிலம், வானம், காற்று, தீ, நீர் என்று ஐந்து பூதங்களைச் சொல்லிவிட்டு, அவை போல நீயும் "போற்றார்ப் பொறுத்தலும் சூழ்ச்சியது அகலமும் வலியும் தெறலும் அளியும் உடையோய்" என்கிறார். வரிசையாகக் கோத்துப் பார்த்தால் நிலத்துக்கு நேராக விழுவது பொறுத்தல். இங்கே 'போற்றார்' என்றால் பகைவர். அரசனைப் புகழும்போது அவனுடைய வலிமைக்கும் அழிக்கும் ஆற்றலுக்கும் முன்னால் பொறுமையை வைத்த பாட்டு இது. பலவீனன்தான் பொறுப்பான் என்று யாராவது கேட்டால் இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

அந்தப் 'போற்றார்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடினேன். கலித்தொகை 133-ல் "பொறையெனப் படுவது போற்றாரைப் பொறுத்தல்" என்று நேரான இலக்கணமே கிடைத்தது. அதே பாட்டில் சற்று மேலே "அறிவெனப் படுவது பேதையார் சொன்னோன்றல்" என்று ஒரு வரி. சொல் நோன்றல் என்பது சொன்னோன்றல் என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது, 'பொறு' என்று தேடியவனுக்கு இந்த வரி கிடைத்தே இருக்காது. குறள் 160-ன் "இன்னாச்சொல் நோற்பார்" இதற்கு மிக அருகில் வருகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

ஆனால் இந்தப் பாட்டை எடுக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது அறநூல் அல்ல, நெய்தற்கலி. தலைவியை வாட விட்டிருக்கும் தலைவனிடம் தோழி, பண்பு என்பது இது, அன்பு என்பது இது என்று அடுக்கிவிட்டு, இதெல்லாம் உனக்குத் தெரியுமானால் தேரைப் பூட்டிக்கொண்டு போய் அவள் துயரத்தைத் தீர் என்கிறாள். உபதேசம் போலத் தோன்றினாலும் அது ஒரு செல்லமான குத்தல். அதைச் சொல்லிவிட்டு வரியைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இரண்டாவது, பொறைக்கு முந்தைய வரி "முறையெனப் படுவது கண்ணோடா துயிர்வௌவல்", அதாவது தாட்சண்யம் பார்க்காமல் உயிரை எடுப்பதே நீதி. பொறுமைக்கு ஒட்டி முன்னால் மரண தண்டனை! முழுப் பாட்டையும் படிக்காமல் ஒரு வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு போனவரிடம் இதை யாராவது எழுந்து கேட்டால் திண்டாட்டம்தான். 1887-ல் சி.வை.தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகை நச்சினார்க்கினியர் உரையோடு கிடைக்கிறது, முழுப் பாட்டையும் அந்த உரையோடு ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த மூன்று பாட்டுக்கும் இடையே சொல்லும் கருத்தும் ஒத்திருக்கின்றன, இது உறுதி. ஆனால் எது எதைப் பார்த்துச் சொன்னது என்பது உறுதியல்ல. குறளின் காலத்திலும் கலித்தொகையின் காலத்திலும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, "வள்ளுவர் சங்கப் பாட்டிலிருந்து எடுத்தார்" என்றோ மறுபுறமாகவோ மேடையில் அடித்துச் சொல்லாதீர்கள். அதேபோல நாலடியாரின் அதிகாரத் தலைப்புகளையும் முழுக்க நம்ப வேண்டாம். அதைப் பாலும் அதிகாரமுமாகப் பகுத்தது பதுமனார் என்பது மரபு, பாடியவர்கள் வைத்த தலைப்புகள் அல்ல. அதனால்தான் பொறுமைக்கு மிகப் பொருத்தமான பாட்டு ஒன்று எட்டாம் அதிகாரமான பொறையுடைமையில் இல்லாமல் ஏழாவதான சினமின்மையின் கடைசியில், 70ஆவது பாட்டாக இருக்கிறது: "கூர்த்துநாய் கௌவிக் கொளக்கண்டும் தம்வாயால் பேர்த்துநாய் கௌவினார் ஈங்கில்லை". நாய் கடித்தது என்று யாரும் திருப்பி நாயைக் கடிப்பதில்லை என்கிறது. கூட்டத்தில் இதற்குச் சிரிப்பு வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. அதிகாரத் தலைப்பை வைத்துத் தேடினால் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். குறளிலும் அப்படித்தான், "பொறுத்தாற்றும் பண்பே தலை" என்பது கண்ணோட்டத்தில் இருக்கிறது (579), "அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" இன்னா செய்யாமையில் இருக்கிறது (314).

எந்தச் சொல்லை வைத்துத் தேடினாலும் அகப்படாத பாட்டுகளும் உண்டு, அவற்றுக்கு வாசிப்பதைத் தவிர வழியில்லை. ஔவையாரின் மூதுரையில் கடைசிப் பாட்டைப் பாருங்கள்: "சாந்தனையும் தீயனவே செய்திடினும் தாமவரை ஆந்தனையும் காப்பர் அறிவுடையோர் – மாந்தர் குறைக்குந் தனையும் குளிர்நிழலைத் தந்து மறைக்குமாம் கண்டீர் மரம்." தன்னை வெட்டுகிறவனுக்கு வெட்டி முடிக்கும்வரை நிழல் தரும் மரம். பொறு இல்லை, நோன் இல்லை, பொறை இல்லை, ஆனால் பொறுமைக்கு இதைவிட நல்ல படம் வேறு ஏது? தோண்டுகிறவனைத் தாங்கும் நிலத்துக்கு இது உடன்பிறப்பு. சிறிய நீதிநூல்கள் முப்பது நாற்பது பாட்டுதான், தேடுபெட்டியை மூடிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிடலாம். ஒரு குறிப்பு, பழைய நூற்பட்டியல்களில் மூதுரையை அதன் முதல் சொல்லால் 'வாக்குண்டாம்' என்று பதிந்திருப்பார்கள், 'மூதுரை' என்று மட்டும் தேடி இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். இன்னொன்று, இந்த ஔவை சங்ககால ஔவை அல்ல, பல நூற்றாண்டு பிந்தியவர். அதியமானோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் சுவடி படித்தவன் அல்ல, அச்சுப் பதிப்புகளோடு பழகியவன். இரண்டு பதிப்பில் பாடம் வேறுபட்டால் எது மூலம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, அடிக்குறிப்பில் பாடபேதம் கொடுத்திருக்கும் பதிப்பை எடுத்துக்கொண்டு அதன்படி வாசிப்பேன், அவ்வளவுதான். மதுரைத் திட்டம் போன்ற தளங்களில் இருக்கும் தட்டச்சுப் பிரதிகளைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொல் பிரித்திருப்பதால் வேகமாகத் தேடலாம், ஆனால் மேடையில் சொல்லப்போகும் வரியை ஒருமுறை பழைய பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலான பழைய பதிப்புகள் படமாகவே இருக்கின்றன. சென்னைப் பக்கம் வருவதானால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐந்தே ஐந்து எடுத்துக்கொள்வேன். நாயில் ஆரம்பித்து, குறள் 151-ன் நிலத்துக்கு வந்து, அங்கிருந்து சேரமான், பிறகு தோழியின் குத்தல், கடைசியில் மரம். ஒவ்வொன்றையும் முதலில் பிரித்த வடிவில் நிறுத்தி வாசியுங்கள், பொருளைச் சொல்லுங்கள், அதன்பின் அச்சில் இருப்பதுபோலச் சேர்த்து ஒருமுறை. "பொறுத்த றலை" என்று சேர்த்துச் சொன்னால்தான் வெண்பாவின் ஓசை காதில் விழும், ஆனால் முதலிலேயே அப்படிச் சொன்னால் பாதிப்பேர் அது என்ன றலை என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.